ஒரு போர்வைகூட அதிகமாகத் துவைக்கவில்லை

"எங்க வார்டுல நர்ஸும் கூடல, பெட்டும் கூடல. போன மாசம் 5,25,000 ரூபாய் போட்டீங்க, இந்த மாசம் 5,88,000. இது எப்படி சார்?" மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவுத் தலைவி போனில் கேட்ட கேள்வி இது. கணக்குப் பிரிவிலிருந்த நான் அவருக்கு எழுதிய குறிப்பைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன். விளங்குவதற்காக எண்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மருத்துவமனையில் சில பிரிவுகள் நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. பழுது பார்க்கும் பராமரிப்புப் பிரிவும் சலவைப் பிரிவும் அப்படிப்பட்டவை. இவற்றின் செலவை வார்டும் ஸ்கேன் பிரிவும்தான் சுமக்க வேண்டும். போன மாதம் பராமரிப்புக்கு 6,00,000, சலவைக்கு 3,60,000, ஆக 9,60,000 ரூபாய் ஆனது.

பராமரிப்பு ஊழியர்களின் வேலை நேரத்தில் 30 சதவீதம் வார்டுக்கும் 50 சதவீதம் ஸ்கேனுக்கும் போகிறது. மீதி 20 சதவீதம் சலவைக்கூடத்தின் பாய்லரையும் துவைக்கும் இயந்திரங்களையும் சரிசெய்வதில் கழிகிறது. துவைக்கும் துணியில் வார்டுடையது 75 சதவீதம், ஸ்கேனுடையது 15, பராமரிப்பு ஊழியர்களின் சீருடை 10.

இதுவரை நாங்கள் பின்பற்றியது நேரடி முறை. சேவைப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் வேலையை அது கண்டுகொள்ளாது. பராமரிப்பின் 6,00,000 ரூபாயை வார்டுக்கும் ஸ்கேனுக்கும் 3:5 என்றும், சலவையின் 3,60,000 ரூபாயை 5:1 என்றும் பிரித்துவிடும். வார்டுக்கு 2,25,000, அதோடு 3,00,000. அந்தப் பழைய 5,25,000 இப்படி வந்ததுதான்.

புதிதாக எடுத்துக்கொண்டது படியிறக்க முறை. அமெரிக்காவில் மெடிகேர் திட்டத்துக்கு மருத்துவமனைகள் தரும் செலவு அறிக்கையிலும் இந்த முறைதான். பராமரிப்பின் செலவை முதலில் இறக்குகிறோம். சலவைக்கு 1,20,000, வார்டுக்கு 1,80,000, ஸ்கேனுக்கு 3,00,000. சலவையின் கணக்கு இப்போது 4,80,000 ஆகிவிட்டது. அதை 5:1 என்று பிரித்தால் வார்டுக்கு 4,00,000. ஆக, அதே மாதத்துக்கு வார்டின் பங்கு 5,80,000.

மருத்துவமனை ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஸ்கேனின் பங்கு 4,35,000-லிருந்து 3,80,000 ஆகக் குறைந்தது; அந்த 55,000 வார்டுக்கு வந்தது. பாய்லரைப் பழுது பார்க்கும் செலவில் பெரும்பகுதியை இதுவரை ஸ்கேன் பிரிவு சுமந்துகொண்டிருந்தது. அந்த பாய்லரின் வெந்நீரில் வெளுத்ததோ பெரும்பாலும் வார்டின் போர்வைகள். (ஸ்கேன் பிரிவிலிருந்து எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.)

குறிப்பில் நான் அழுத்திச் சொன்னது இதை: இரண்டு மாதங்களை ஒப்பிடும் முன், போன மாதத்தையும் புதிய முறையில் திருப்பிக் கணக்கிட வேண்டும். உயர்ந்த 63,000 ரூபாயில் 55,000 முறை மாறியதால் வந்தது. மீதி 8,000 மட்டும் நிஜமான உயர்வு. எடைச் சீட்டைப் பார்த்தால் வார்டிலிருந்து போன துணி கொஞ்சம் கூடியிருந்தது. 'ஒரு போர்வைகூட' என்று அவர் சொன்னதை அந்த அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. முதலில் இறங்கிய பிரிவுக்கு எதுவும் திரும்பி வராது. சீருடை துவைத்த செலவு பராமரிப்பின் கணக்கில் ஏறவே இல்லை. வரிசையை மாற்றிச் சலவையை முதலில் இறக்கினால் வார்டின் பங்கு 5,08,500 ஆகிவிடும், பழைய தொகையைவிடக் குறைவு! மற்ற சேவைப் பிரிவுக்கு அதிகப் பங்கு வேலை செய்வது எதுவோ அது முதலில் என்பது வழக்கம். 20-க்கு 10 என்பதால் பராமரிப்பு முந்தியது. இரண்டையும் சமன்பாடாக்கி ஒரே நேரத்தில் தீர்க்கும் பரஸ்பர முறையில் வார்டுக்குச் சுமார் 5,62,000 வரும். மூன்றில் நியாயமானது அதுதான் என்பது என் கருத்து. ஆனால் பிரிவுத் தலைவர்கள் கையால் போட்டுச் சரிபார்க்கக்கூடியது வேண்டும் என்று நிர்வாகம் படியிறக்கத்தைத் தேர்ந்தது.

குறிப்பைப் படித்துவிட்டு அம்மையார் மறுபடி போன் செய்தார். "அப்போ துணியை வெளியே கொடுத்துடலாமே. மாசம் 3,50,000-க்குத் துவைச்சுத் தர ஆள் இருக்கு. நீங்க 4,00,000 போடுறீங்க."

அந்த 4,00,000 ரூபாயில் 1,00,000 பராமரிப்பிலிருந்து இறங்கி வந்தது. துணி வெளியே போனாலும் அந்த ஊழியர்களின் சம்பளம் நிற்காது. பழைய முறைப்படி அவருக்குச் சலவைச் செலவு 3,00,000 என்றிருந்தபோது இதே விலை அவருக்கு அதிகமாகத் தெரிந்திருக்கும். முடிவெடுக்க இந்த இரண்டு தொகையும் உதவாது. துணி போனால் சலவைக்கூடத்தில் சோப்பு, எரிபொருள், ஆள்கூலி உண்மையில் எவ்வளவு நிற்கும் என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்றேன். "போட்டு அனுப்புங்க சார்" என்று வைத்துவிட்டார்.