அத்தை வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பள்ளி மாற்றப் படிவம்

ஆசிரியர்களே, பள்ளி அலுவலகத்தில் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். சேர்க்கைப் பாரத்தை நீட்டியதும், "டீச்சர், அப்பா இடத்துல என் பேரைப் போட்டுடட்டுமா? நான்தானே பார்த்துக்கிறேன்" என்று பிள்ளையோடு வந்தவர் கேட்பார். கேட்காமலே எழுதிவிடுபவர்களும் உண்டு. வகுப்பில் படிவம் நிரப்பப் பயிற்சி செய்யும் மாணவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரு கற்பனைப் பிள்ளையை வைத்து, படிவத்தைக் கடைசிவரை நிரப்பிப் பார்ப்போம்.

2015 செப்டம்பர் 17இல் பேராக்கில் பிறந்தவள். சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4 படிக்கிறாள். அம்மா காலமாகிவிட்டார். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. இனிமேல் கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள்.

முதலில் மைகிட் எண். அவளுடையது 150917-08 என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 08 பேராக். கடைசி இலக்கம் பெண்பிள்ளைக்கு இரட்டைப்படையாக இருக்கும், ஆண்பிள்ளைக்கு ஒற்றைப்படை. எழுதி முடித்ததும் இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்தால், அவசரத்தில் வரும் பிழைகளில் பாதி அங்கேயே பிடிபட்டுவிடும்.

பெற்றோர் பகுதியில் அப்பா பெயரும் அம்மா பெயரும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே வர வேண்டும். அம்மா இல்லை என்பதற்காக அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. பெயரை எழுதி, பக்கத்தில் 'காலமானார்' என்று குறித்து, இறப்புப் பத்திரத்தின் நகலை இணைக்கலாம். அப்பா வெளிநாட்டில் இருந்தாலும் அப்பாதான். அவருடைய வேலை, வருமானம், தொலைபேசி எண் எல்லாம் அவர் வரிசையிலேயே வர வேண்டும்.

அத்தைக்கு உரிய இடம் 'பாதுகாவலர்' பகுதி. மலாய்ப் படிவத்தில் 'பெஞ்ஜாகா' என்று இருக்கும். பிள்ளை இப்போது யாரோடு தங்குகிறாள், திடீரென்று காய்ச்சல் வந்தால் பள்ளி யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கான பதில் இதில் இருக்கிறது. ஆகவே கிள்ளான் முகவரியும் அத்தையின் கைப்பேசி எண்ணும் இங்கே வரும். வருமானம் கேட்டால் அத்தை தன் வருமானத்தை மட்டும் எழுத வேண்டும். தம்பி அனுப்பும் பணத்தையும் சேர்த்து எழுதினால், அதே பணம் இரண்டு வரிசையில் ஏறிவிடும். உதவித்தொகை கேட்கும்போது அது பிள்ளைக்கே பாதகமாகும்.

'உறவு' என்ற கட்டம் சுவாரசியமானது. மலாயில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாருமே 'இபு சௌடாரா'தான். தமிழ்ப் படிவத்தில் வெறுமனே 'அத்தை' என்று விடாமல் 'அத்தை, தந்தையின் அக்காள்' என்று எழுதுங்கள். நம் வீடுகளில் மாமாவின் மனைவியையும் அத்தை என்றுதானே கூப்பிடுகிறோம்!

கையொப்பம் அத்தை போடலாம். ஆனால் அப்பா உயிரோடு இருக்கிறார், உரிமையும் அவருடையது. பிள்ளை இன்னார் பொறுப்பில் இருந்து படிக்கச் சம்மதிக்கிறேன் என்று அவர் எழுதிய கடிதத்தை, அடையாள அட்டை நகலோடு இணைப்பது நல்லது. சத்தியப் பிரமாணக் கடிதமோ நீதிமன்ற ஆணையோ கேட்கப்படலாம் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து மாற்றுச் சான்றிதழ். இதில் வரிசை முக்கியம். முதலில் மாற்றத்துக்கு விண்ணப்பம், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் இட ஒப்புதல், அதற்குப் பிறகே பழைய பள்ளியில் சான்றிதழ் வாங்க வேண்டும். சிலர் சாமான் ஏற்றும் லாரி வாசலில் நிற்கும்போதே சான்றிதழை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். விரும்பிய பள்ளியில் இடம் இல்லை என்றால் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

கையில் வாங்கியதும் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் LETCHUMI, சான்றிதழில் LECHUMI என்றால், பழைய பள்ளியிலேயே திருத்திக்கொள்ள வேண்டும். கிள்ளானுக்கு வந்த பிறகு ஓர் எழுத்துக்காகச் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்ப ஓட முடியுமா? புதிய பள்ளியில் பேனாவால் திருத்துவதும் கூடாது. அது அவர்கள் கொடுத்த ஆவணம் அல்ல.

பிறகு தேதி. கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள் 2025 ஜூன் 20, வெள்ளி. புதிய பள்ளியில் சேரும் நாள் ஜூன் 23, திங்கள். சேர்க்கைப் படிவத்தில் 'முன்பு படித்த பள்ளி' என்ற பகுதியில் ஜூன் 20தான் வர வேண்டும். சான்றிதழ் அச்சிட்ட நாளைப் பார்த்து எழுதிவிடுபவர்கள் நிறைய பேர். 'விலகிய காரணம்' என்ற இடத்தில் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுத வேண்டாம். 'பாதுகாவலருடன் கிள்ளானில் வசிக்கச் செல்கிறார்' என்றால் போதும். அந்தத் தாள் பிள்ளையின் கோப்பில் பல வருடம் இருக்கும், அவளே ஒருநாள் எடுத்துப் படிப்பாள்.