பட்டா எண்ணும் நூலளவு இடைவெளியும்

ஒரே ஆளுக்கு மூன்று புல எண்களில் நிலம் இருந்தால், அதை வரைபடத்தில் ஒரே துண்டாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு உட்பிரிவோடும் பட்டா எண்ணை ஏற்றிவிட்டு, கியூஜிஐஎஸ் மென்பொருளில் `Dissolve` கருவியை ஓட்ட வேண்டும். எண் ஒத்துப்போகும் துண்டுகளுக்கு நடுவிலுள்ள எல்லைக் கோடு மறைந்துவிடும்.

முதல் பொறி பட்டா எண்ணிலேயே இருக்கிறது. அது ஊருக்கு ஊர் 1-இலிருந்து தொடங்கும். இரண்டு கிராமங்களைச் சேர்த்து ஓட்டினால் இந்த ஊர் 47-ஆம் பட்டாவும் அடுத்த ஊர் 47-உம் ஒரே ஆளுடையதாகிவிடும். அதனால் கிராமக் குறியீட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எண் ஏறாமல் காலியாக விட்ட துண்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, இல்லாத ஒரு பண்ணையாரை உருவாக்கிவிடும்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கு எளிதில் படாது. தமிழ்நாட்டில் புலப்படம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியாக வரையப்பட்டது. அவற்றைக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வரப்பை இரண்டு படமும் இம்மி பிசகாமல் காட்டுவது அபூர்வம். 112/2-உம் 113/1-உம் ஒரே பட்டா என்று வைத்துக்கொள்வோம். நடுவே 40 மீட்டர் நீளத்துக்கு 20 சென்டிமீட்டர் இடைவெளி. `Dissolve` இதை அடைக்காது. சேர்த்த பிறகும் நடுவில் கோடு தெரிந்தால், அது கோடல்ல, இடைவெளி.

சின்ன ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடலாம் என்று தோன்றும். இந்த இடைவெளியின் பரப்பு 8 சதுர மீட்டர். வயலுக்குள் 3 மீட்டர் விட்டமுள்ள பொதுக் கிணறு தனி உட்பிரிவாக இருந்தால் அதன் பரப்பு சுமார் 7. பரப்பை மட்டும் பார்த்து அடைத்தால் கிணறும் இவர் பட்டாவில் போய்விடும். பார்க்க வேண்டியது அகலத்தை:

```
2 * $area / $perimeter
```

இடைவெளிக்கு இது 0.2 மீட்டர், கிணற்றுக்கு 1.5 மீட்டர்.

ஆகவே சேர்ப்பதற்கு முன்பே சரிசெய்வதுதான் நல்லது. கிராம எல்லையிலிருந்து எல்லா உட்பிரிவுகளையும் `Difference` கொண்டு கழித்து, மிஞ்சுவதை `Multipart to singleparts` மூலம் தனித்தனியாகப் பிரித்தால் இடைவெளிகள் கையில் கிடைக்கும். அரை மீட்டருக்கும் குறுகலானவற்றை மட்டும் எடுத்து உட்பிரிவு அடுக்கோடு இணைத்து, `Eliminate Selected Polygons` வழியாகப் பக்கத்து நிலத்தில் சேர்க்கலாம். இந்த அளவை மனம்போலக் கூட்டக் கூடாது. ஒரு மீட்டர் வாய்க்காலும் வண்டிப்பாதையும் வரையப்படாமல் விடுபட்டிருந்தால், அவையும் இடைவெளியாகத்தான் வரும்.

இன்னொன்று. புல எண் எல்லை நெடுக ஓடும் இடைவெளி ஐந்தாறு பேர் நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகும். அந்தக் கருவியோ, அவர்களில் ஒருவருக்கே முழுவதையும் கொடுத்துவிடும். மற்றவர்கள் வயலின் தலைமாட்டில் அவருடைய நிலம் வால்போல நீளும். இதைத் தவிர்க்க, வயல் மூலைகளுக்கு நேராக இடைவெளியை `Split Features` கொண்டு முதலில் வெட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் 8 சதுர மீட்டர் 112/2-இல் ஏறியிருக்கும். அது படத்துக்கான ஒட்டு மட்டுமே. பரப்பு கேட்டால் பட்டாவில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.