துருவில் இல்லை, மண்ணில் இருக்கிறது

கட்டட வேலை நடக்குமிடத்தில் ஒருவர் சென்ட்ரிங் பலகையின் ஆணியை மிதித்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது "துருப்பிடிச்ச ஆணியா?" என்றுதான். துரு இருந்தால் டி.டி. ஊசி, புது ஆணியென்றால் மஞ்சள் பத்து. துரு என்பது காற்றும் ஈரமும் பட்டு மாறிய இரும்பு, அவ்வளவுதான். அதனால் டெட்டனஸ் வராது.

அதைத் தரும் பாக்டீரியா மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. கெட்டியான உறைக்குள் வித்தாகச் சுருண்டு, வெயிலையும் வறட்சியையும் தாங்கிப் பல ஆண்டுகள் கிடக்கும். அது முளைக்க ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். ஆணி குத்திய காயம் அதற்கு வாகானது: வாய் சிறியது, ஆழம் அதிகம், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். வெகுநாள் மண்ணில் கிடந்த ஆணிதான் துருப்பிடிக்கும் என்பதால் பழி துருவின்மேல் விழுந்தது. கருவேலமுள்ளும் மூங்கில் சிராயும் இதே வேலையைச் செய்யும். அவற்றில் ஏது துரு?

உள்ளே முளைத்த கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது. அது நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளர்த்தும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் முதலில் தாடை இறுகும், வாய் திறக்காது. பிறகு கழுத்து, முதுகு. சின்னச் சத்தத்துக்கே உடல் வில்லாக வளையும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கலாம். நரம்பில் ஒட்டிக்கொண்ட நச்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. ஊசியை முன்கூட்டியே போடச் சொல்வது இதனால்தான்.

அந்த ஆணியை மிதித்தவருக்கு முப்பது வயது, சிறுவயதுத் தடுப்பூசிகள் எல்லாம் போட்டவர், கடைசி ஊசி பதினாறு வயதில் என்று வைத்துக்கொள்வோம். முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அழுக்கான, ஆழமான காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் மறு ஊசி தேவை. சுத்தமான சிறு காயமென்றால் பத்து ஆண்டு. இவருக்கு ஒரு ஊசி போதும். பழகிய உடல் சில நாளில் எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடும்.

அதே ஆணியை, சிறுவயதில் தடுப்பூசியே போடாத அவருடைய அம்மா மிதித்தால் கணக்கு வேறு. அவர் உடல் புதிதாகக் கற்க வாரக்கணக்காகும். நோயோ பொதுவாக 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டிவிடும். அதனால் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். தடுப்பூசியையும் மூன்று தவணையாக முடிக்க வேண்டும்.

'24 மணி நேரம் தாண்டிவிட்டது, இனி பயனில்லை' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சீக்கிரம் போடுவது நல்லது. தாமதமானாலும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், ஒவ்வொரு கீறலுக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை ஊசி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி போட்டால் கை வீங்கி வலிப்பதுதான் மிச்சம். ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு முடிவு செய்வது எளிது.