ஜவுளிக்கடை நோட்டீஸில் ‘வரை’ எங்கே இருக்கிறது?

தீபாவளி நெருங்கினால் காலைப் பேப்பரை உதறியதும் நாலைந்து பிட் நோட்டீஸ்கள் விழும். பாதி ஜவுளிக்கடைகளுடையவை. ‘மாபெரும் அதிரடித் தள்ளுபடி’ என்று மேலே கொட்டை எழுத்து, நடுவில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், பக்கத்தில் ஆளுயரத்துக்கு ‘50%’. அந்த ஐம்பதின் காலடியில், மூக்குக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில், ‘வரை’.

பெரிய கடைக்கு இது கட்டுப்படியாகும். ஆறு மாடி, டிவி விளம்பரம், நடிகை முகம் எல்லாம் இருப்பதால் நோட்டீஸில் விஷயமே இல்லாவிட்டாலும் கூட்டம் வரும். கடைவீதியில் அப்பாவும் இரண்டு மகன்களும் பார்த்துக்கொள்ளும் கடை அதே வாசகத்தைப் போட்டால் என்ன ஆகும்? ஐம்பது சதவீதம் என்று நம்பி வந்த அம்மா, ஓரமாகக் கிடக்கும் நிறம் மங்கிய நாலு நைட்டிக்கு மட்டும்தான் அந்தத் தள்ளுபடி என்று தெரிந்ததும் விருட்டென்று இறங்கிவிடுவார். அவர் தெருக்காரர், நாளைக்கும் அந்தக் கடை வழியாகத்தான் போவார். குடும்பக் கடையின் நோட்டீஸை வேறு மாதிரி எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

எழுத உட்காருவதற்கு முன்னால் கல்லாப் பக்கம் ஒரு கணக்குப் போட வேண்டும். 600 ரூபாய்க்குக் கொள்முதல் செய்து 900 ரூபாய்க்கு விற்கும் ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். வரி, வாடகை எல்லாம் இப்போதைக்கு இருக்கட்டும். 20 சதவீதம் தள்ளினால் விலை 720. கடைக்கு நின்ற 300 ரூபாய் 120 ஆகிவிடுகிறது. முன்பு 2 சேலை விற்றுக் கிடைத்த 600 ரூபாய்க்கு இனி 5 சேலை விற்றாக வேண்டும். தீபாவளிக்கு எப்படியும் விற்றுப்போகும் சரக்குக்கும் சேர்த்து ‘கடை முழுவதும் 20%’ என்று அறிவித்துவிட்டு, பண்டிகை முடிந்ததும் ‘கூட்டம் வந்தது, காசு எங்கே போச்சு?’ என்று தலையைச் சொறியும் முதலாளிகள் உண்டு.

போன பொங்கலிலிருந்து தேங்கிக் கிடக்கும் இளம்பிள்ளைச் சேலைகள், ஒன்றிரண்டு அளவு மட்டும் மீந்துபோன சட்டைகள் போன்றவற்றுக்குத்தான் தள்ளுபடி தேவை. அவற்றில் முடங்கிய பணம் வெளியே வந்தால் மொத்த வியாபாரியின் பழைய பாக்கியைத் தீர்த்துப் புதுச் சரக்கு எடுக்கலாம். புது வரவுக்குத் தள்ளுபடி வேண்டியதில்லை. அது வந்திருக்கிறது என்ற செய்தியே போதும்.

அடுத்தது தேதி. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மாதச் சம்பளக்காரர் கையில் அக்டோபர் சம்பளம் வருவது அதற்கு ஒரு வாரம் முன்னால்தான். அதனால் எல்லா அறிவிப்பையும் நவம்பர் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் சேலை எடுத்தால் ஜாக்கெட் தைக்க வேண்டும், சுடிதார் துணிக்கும் பாவாடைத் துணிக்கும் அதே கதை. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் தையற்கடைக்காரர் ‘இனி ஆர்டர் எடுக்கறதில்லம்மா’ என்று கைவிரித்துவிடுவார். அதற்குப் பிறகு சேலைக்குத் தள்ளுபடி போட்டு என்ன பயன்? ஆகவே அறிவிப்பு இரண்டாகப் பிரிய வேண்டும். சேலையும் தைக்கிற துணியும் அக்டோபர் 9 முதல் 25 வரை. சட்டை, குழந்தைகள் கவுன் போன்ற ரெடிமேட் அக்டோபர் 30 முதல் நவம்பர் 7 வரை. கடை வாசலில் சின்னதாக ஒரு தையல் மிஷின் வைத்திருந்தால், ‘இங்கே எடுக்கும் சேலைக்கு அக்டோபர் 25-க்குள் கொடுத்தால் தீபாவளிக்கு ஜாக்கெட் தயார்’ என்ற ஒரு வரி அந்த ஐம்பது சதவீதத்தைவிட அதிகம் பேரைக் கூட்டிவரும் என்பது என் எண்ணம்.

இப்போது வாசகம். ஒரு நோட்டீஸ் இப்படி இருக்கலாம்:

தீபாவளிக்குச் சேலை எடுக்க வாங்க!
இளம்பிள்ளைச் சேலை – ரூ. 900, இப்போது ரூ. 720
சுடிதார் துணி செட் – ரூ. 750, இப்போது ரூ. 600
இந்த விலை அக்டோபர் 9 முதல் 25 வரை. புது வரவுக்கும் பட்டுக்கும் தள்ளுபடி இல்லை.
ஞாயிறும் கடை உண்டு. காலை 9 முதல் இரவு 10 வரை.

கீழே கடைப் பெயர், ‘பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்’ என்பது போல ஓர் அடையாளம், போன் நம்பர். அவ்வளவுதான். சதவீதமே இல்லை, கவனித்தீர்களா? துணி எடுக்க வருகிறவர் ரூபாயில்தான் யோசிக்கிறார். ‘50% + 20%’ என்று எழுதினால் எழுபது என்று நினைத்துக்கொண்டு வருவார். நூறு ரூபாயில் பாதி போய், மீதி ஐம்பதில் பத்து போனால் தள்ளுபடி அறுபதுதான். பில் போடும் இடத்தில் அதை விளக்கிக்கொண்டு நிற்பது யாருக்கும் சந்தோஷமில்லை.

‘தள்ளுபடி இல்லை’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி முதலாளிகள் கெஞ்சுவார்கள். எடுக்கக்கூடாது. மற்ற வரிகளை நம்ப வைப்பதே அதுதான். சட்டமும் அதன் பக்கம். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனை எழுதுவதானால் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், கண்ணில் படும்படி எழுத வேண்டும். தமிழில் முழங்கிவிட்டு மூலையில் பொடி எழுத்தில் ‘கண்டிஷன்ஸ் அப்ளை’ என்று ஆங்கிலத்தில் போடுவது இதற்கு ஒத்துவராது. மலிவு விலையைக் காட்டி ஆளை வரவழைத்துவிட்டு, போதிய சரக்கு வைக்காமல் இருப்பதையும் அதே நெறிகள் தடுக்கின்றன. பத்தே சேலைதான் இருக்கிறதென்றால் ‘முதல் 10 பேருக்கு’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

பில்லில் பழக்கதோஷமாக அச்சடிக்கும் ‘விற்ற துணி திரும்பப் பெறப்படமாட்டாது’ என்பதை நோட்டீஸுக்குக் கொண்டுவர வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. தள்ளுபடியில் எடுத்த சேலையில் கிழிசல் இருந்தாலும் இது பொருந்தும்.

அச்சுக்கு எழுதியதை அப்படியே போட்டோ பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. காகிதத்தில் படிக்க முடிந்த பத்து வரி, போன் திரையில் எறும்பு ஊர்வதாகத் தெரியும். போனுக்கு ஒரு படத்தில் ஒரே ஒரு சரக்கு போதும். நெட்டில் எடுத்த மாடல் படம் வேண்டாம். கடை மேசையில் விரித்த அதே சேலை, முந்தானை தெரிகிற மாதிரி, வாசல் வெளிச்சத்தில். மேலே ‘ரூ. 720’, கீழே ‘25-ந் தேதி வரை’. டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் மெரூன் பழுப்பாகத் தெரியும். வந்து பார்ப்பவர் ‘போட்டோவுல வேற கலரு’ என்பார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் தினம் ஒரு சேலை என்று முறை வைத்துக்கொண்டால் சரக்குக்கும் பஞ்சமில்லை.

கடைக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பும் செய்தி, கடை நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் பாதிப் பேருக்குப் போயிருக்காது. அதனால் பில் போடும்போதே, ‘அக்கா, நம்ம கடை நம்பர சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சேலை வந்தா போட்டோ அனுப்புறோம்’ என்று கேட்டு வைப்பது ஆடியிலேயே தொடங்க வேண்டிய வேலை.

அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் எழுத்துப்பிழையைவிட முதலில் பார்க்க வேண்டியவை போன் நம்பரும் தேதியும் விலையும். நம்பரைப் படித்துப் பார்க்காமல் அழைத்தே பார்க்க வேண்டும். கடை போன் அடித்தால்தான் அச்சுக்குக் கொடுக்கலாம். தேதிக்குப் பக்கத்தில் கிழமை போட்டிருந்தால் காலண்டரை எடுத்து ஒத்துப்பார்க்க வேண்டும்; போன வருஷ நோட்டீஸையே திருத்தி அடிக்கும்போது கிழமை பழையதாகவே நின்றுவிடும். பிறகு அந்தப் புரூஃபை ரேக்குக்கு எடுத்துப் போய், 720 என்று எழுதிய சேலையில் 720 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பேப்பர் ஏஜென்டிடம் கட்டு போய்ச் சேர்வதற்குள் இது முடிந்திருக்க வேண்டும்.