மைக் உங்களுடையது, பேச்சு எங்களுடையது

தேவாரத்துக்கு விளக்கம் சொல்லும் சிறிய யூடியூப் சேனல் ஒன்று. வீடியோவில் இரைச்சல் அதிகம். காலர் மைக், இரண்டு விளக்கு, ஸ்டாண்டு வேண்டும். ஊர் நகைக்கடைக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலான கடிதங்கள் "தங்களால் இயன்ற உதவி" என்று முடிந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அட்சய திருதியை வந்ததும் முதலாளி அழைப்பார்: "தங்கம் வாங்கினா நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் ஐயா." மறுக்க முடியாமல் தவிப்பார் பேச்சாளர்.

ஆகவே பொருட்களின் பெயர், விலைப்பட்டியலோடு இதையும் எழுதிவிட வேண்டும்: "ஆறு மாதம் ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் கடைப் பெயரோடு நன்றி அட்டை வரும். தலைப்பைத் தேர்வதும், பேசுவதும் எங்கள் பொறுப்பு. வெளியிடும் முன் காட்ட இயலாது. பேச்சுக்குள் கடையைப் பற்றிச் சொல்ல மாட்டோம்."

நன்றி அட்டையை மரியாதை என்று மட்டும் நினைக்கக் கூடாது. இலவசமாகப் பொருள் பெற்று விளம்பரம் செய்தாலும் அதைப் பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகள்.

இரவலா, அன்பளிப்பா என்பதையும் எழுத வேண்டும். 2022 ஜூலையில் வந்த வருமான வரி விதிப்படி, விளம்பரத்துக்குப் பெற்ற பொருளைத் தானே வைத்துக்கொண்டால் அது ஆதாயம். திருப்பிக் கொடுத்தால் அல்ல. இரவல் என்றால் திருப்பும் தேதியைக் குறிப்பிடலாம். ஆனால் முதலாளி மனம் மாறிப் பாதியில் கேட்டாலும் மைக்கைக் கொடுத்துவிடும் தயார்நிலை சேனலுக்கு வேண்டும். பழைய மைக்கைத் தூக்கி எறியாதிருப்பது நல்லது.