பெல்ட்டில் விழுந்த புதிய ஓட்டை

62 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். போன வருடம் வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 104. இந்த வருடம் 168. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ சர்க்கரை கிடையாது. எடை 71 கிலோவிலிருந்து 64-க்கு இறங்கியிருக்கிறது. பேன்ட் நிற்காததால் பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டார். "சுகர் வந்தா இளைக்கத்தானே செய்யும்" என்றார்கள் வீட்டில். மருத்துவர் மாத்திரை எழுதினார். பத்து மாதம் கழித்து, படுத்தால் முதுகுவரை பாயும் வலி. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. அப்போதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் நடுப்பகுதியில் கட்டி. கல்லீரலிலும் சிறு சிறு புள்ளிகள்.

கணையப் புற்றுநோய் இப்படித்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. கண்டுபிடிக்கும் நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இந்த நோய் சத்தமில்லாமல் வளர்கிறது என்பது வழக்கமான பேச்சு. எனக்கு அது பாதி உண்மையாகவே தோன்றுகிறது. அது சொல்லும் சேதியை நாம் வேறொரு நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

முதலில் கணையம் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் குறுக்கே படுத்திருக்கும் உறுப்பு அது. நீளம் ஏறக்குறைய ஒரு சாண்தான். அதன் தலை, வலப்பக்கம் சிறுகுடலின் முதல் வளைவுக்குள் செருகியிருக்கும். வால் இடப்பக்கம் மண்ணீரலைத் தொடும். வயிற்றை அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் விரலுக்கு அது எட்டாது. சாதாரண அல்ட்ராசவுண்டிலும் முன்னால் கிடக்கும் குடலின் வாயு அதை மறைத்துவிடும்.

பித்தநாளம் கணையத்தின் தலை வழியாகத்தான் போகிறது. அங்கே கட்டி வந்தால் ஓரளவு சிறிதாக இருக்கும்போதே நாளம் நசுங்கி, மஞ்சள் காமாலை வந்துவிடும். வலி இருக்காது. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுக்கும், மலம் களிமண் நிறத்தில் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். அந்த நேரத்தில் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருப்பவர்கள் இழப்பது அருமையான காலம். கணையத்தின் நடுப்பகுதியிலோ வாலிலோ வரும் கட்டிக்கு இந்த எச்சரிக்கையும் கிடையாது. அக்கம்பக்கத்தில் நசுக்க எதுவும் இல்லாததால், நரம்புகளைத் தொடும்வரை அது தன் போக்கில் வளர்கிறது.

வளரும் காலமும் குறைவில்லை. 2010-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், இந்நோயால் இறந்தவர்களின் கட்டிகளில் சேர்ந்திருந்த மரபணுப் பிழைகளை எண்ணி, காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். முதல் பிழை விழுந்ததிலிருந்து முழுப் புற்றணு உருவாகவே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அது வேறு உறுப்புக்குப் பரவும் திறனைப் பெற இன்னும் ஐந்தாண்டாவது வேண்டும். அதன்பிறகு நோயாளி வாழ்வது சராசரியாக இரண்டு ஆண்டுகள். பதினைந்து ஆண்டு அவகாசம் கையில் இருந்தும் நாம் அதற்குப் பின்வரும் கடைசி இரண்டில்தான் விழிக்கிறோம்.

யாருக்கு வரும்? வயதானவர்களுக்கே அதிகம். புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்து. உடல் பருமன், நெடுநாள் சர்க்கரை நோய், குடும்பத்தில் இதே புற்றுநோய், மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிராக்கா-2 மரபணுப் பிழை ஆகியவையும் பட்டியலில் உண்டு. நாள்பட்ட கணைய அழற்சி இன்னொன்று. அது நம் ஊரோடு தொடர்புள்ளது என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், குடிப்பழக்கமே இல்லாத இளவயதினருக்குக் கணைய நாளத்தில் கல் கட்டி, பிறகு சர்க்கரையும் வரும் ஒரு நோய் உண்டு. அப்படிப்பட்ட 185 பேரைச் சென்னையில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994-இல் வெளியானது. அவர்களில் இறந்த 24 பேரில் 6 பேரைக் கொண்டுபோனது கணையப் புற்றுநோய். இந்தக் கல் நோய் உள்ளவருக்கு வலியின் தன்மை திடீரென்று மாறினாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ, பழைய வலிதானே என்று விட்டுவிடக் கூடாது.

அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சுரேஷ் சாரி. பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் சர்க்கரையைப் பற்றியதுதான். 50 வயதுக்குமேல் புதிதாகச் சர்க்கரை வந்த 2,122 பேரின் பதிவுகளை அவருடைய குழு 2005-இல் அலசியது. மூன்று ஆண்டுக்குள் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய் தெரியவந்திருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் அந்த வயதில் எதிர்பார்ப்பதைப்போல் எட்டு மடங்கு. இங்கே சர்க்கரை புற்றுநோயின் காரணம் இல்லை, அதன் விளைவு. கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே உடம்பின் இன்சுலின் வேலையைக் குலைத்துவிடுகிறது. கட்டியை வெட்டி எடுத்தபின், புதிதாகச் சர்க்கரை வந்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது மறைந்துபோனதை ஓர் ஆய்வில் கண்டார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முன்பே சுகர் ஏறத் தொடங்கிவிடுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே என்று தோன்றும். சிஏ 19-9 என்ற பரிசோதனை இருக்கத்தான் செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 13 பேருக்கு இந்நோய் வருகிறது. இந்தியாவில் அதைவிடவும் குறைவு. பரிசோதனை நோயாளிகளில் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கும், நலமாக இருப்பவர்களில் நூற்றுக்கு 10 பேரைத் தவறாகச் சுட்டும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளிகள் 10 பேர் சிக்குவார்கள். கூடவே நோயே இல்லாத சுமார் பத்தாயிரம் பேர் நடுங்கிப்போய் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பார்கள். பித்தநாள அடைப்பும் கணைய அழற்சியும்கூட இந்த அளவை ஏற்றிவிடும். போதாததற்கு, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் ரத்தவகை அமைப்பில் இந்தப் பொருளே உருவாவதில்லை. அவர்களுக்குக் கட்டி இருந்தாலும் பரிசோதனை இயல்பு என்றே வரும். அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தச் சோதனைகள் வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2019-இல் மறுபடி சொன்னதன் பின்னணி இதுதான்.

சிடி ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. சாயம் ஏற்றி, கணையம் நன்றாக ஒளிரும் அந்தச் சில நொடிகளில் படம் பிடித்தால்தான் கட்டி கறுப்பாகத் தனித்துத் தெரியும். இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சுற்றியுள்ள திசுவின் நிறத்திலேயே கலந்து நிற்கும் கட்டிகளும் உண்டு. அப்போது நாளம் ஓரிடத்தில் சட்டென்று குறுகி, அதற்குப் பின்னால் வீங்கியிருப்பதுதான் தடயம். இரைப்பைக்குள் எண்டோஸ்கோப்பியை இறக்கி, அதன் நுனியிலிருக்கும் அல்ட்ராசவுண்டால் பக்கத்திலிருந்தே பார்ப்பது இன்னும் நுணுக்கமானது. ஆனால் அதற்கு மயக்க மருந்து வேண்டும், கைதேர்ந்த நிபுணர் வேண்டும். பத்தாயிரம் பேருக்குச் செய்துவிட முடியாது.

ஆகவே வலையைச் சுருக்க வேண்டும். சாரியின் குழு 2018-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. அது கேட்பது மூன்றே விஷயங்கள்: சர்க்கரை வந்தபோது என்ன வயது, ஓராண்டில் சுகர் எவ்வளவு ஏறியது, எடை எவ்வளவு மாறியது. வழக்கமான சர்க்கரை நோயாளிக்கு எடை கூடிக்கூடித்தான் சுகர் மெல்ல ஏறும். இங்கே எடை இறங்க இறங்க சுகர் தாவுகிறது. மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் ஆயிரத்துக்குச் சுமார் 36 பேருக்குப் புற்றுநோய் வெளிப்பட்டது. ஆயிரத்தில் 36 பேர் என்றால் ஸ்கேன் எடுப்பதில் பொருள் இருக்கிறது. அப்படி எடுப்பதால் உயிர்கள் பிழைக்கின்றனவா என்பதற்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. அதற்கான பெரிய ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

நம் 62 வயதுக்காரரின் கோப்புக்குத் திரும்புவோம். அதில் 104 என்று ஒரு லேப் சீட்டு, 168 என்று இன்னொன்று. இரண்டு எடைகளும் இருக்கின்றன, வேறு வேறு பக்கங்களில், வேறு வேறு கையெழுத்தில். மாத்திரை எழுதிய அன்று மருத்துவரின் மேசையில் இருந்தது இரண்டாவது சீட்டு மட்டும்தான். பழையது, வீட்டில் பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறையில் கிடந்தது.