கடைவீதிக் கணக்கு – 9
அண்ணாச்சி எதை எடுத்துக் கொடுக்கிறார்?

மளிகைக் கடையில் துணி துவைக்கும் பவுடரை இரண்டு விதமாகக் கேட்பார்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்பது ஒன்று. ‘அண்ணாச்சி, துணிக்கு பவுடர் ஒண்ணு குடுங்க’ என்று கேட்பது இன்னொன்று. முதல் வகையில் கடைக்காரருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான். இரண்டாவதில் ‘எது வேணும்?’ என்று அவர் கேட்பார், ‘நல்லதாப் பாத்துக் குடுங்க’ என்று பதில் வரும். புதிதாக வரும் பவுடர் உள்ளே நுழைய அந்த ஒரு சந்துதான் இருக்கிறது. அம்மா அனுப்பிய சிறுவன், அறையெடுத்துத் தங்கும் இளைஞர்கள், இன்றைக்குத் துவைக்க மட்டும் ஒரு பாக்கெட் வாங்குகிறவர், வழக்கமான பவுடர் தீர்ந்துபோய் வேறு கேட்கிறவர் எல்லாம் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட கம்பெனிகள் உடனே செய்வது, கடைக்காரருக்கு லாபத்தைக் கூட்டிக் கொடுப்பது. அது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

பத்து ரூபாய் பாக்கெட். பெயர்பெற்ற பவுடரில் கடைக்காரருக்கு 80 காசு நிற்கிறது. ஒரு நாளைக்குப் பத்து ஓடினால் 8 ரூபாய். புதிய கம்பெனி 1 ரூபாய் 80 காசு தருகிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் ஓடுகிறது. லைனுக்கு வரும் சேல்ஸ்மேன் ‘எங்க மார்ஜின் டபுள்’ என்கிறார். அண்ணாச்சி பார்ப்பது அந்தத் தட்டு ஒரு நாளைக்கு என்ன சம்பாதித்தது என்பதை. அவர் கணக்குதான் சரி.

‘நல்லதாப் பாத்துக் குடுங்க’ என்பவருக்குப் புதியதை எடுத்துக் கொடுத்தால் அண்ணாச்சிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய். அவர் பணயம் வைப்பது அந்தக் குடும்பத்தின் மாதச் சாமான் பட்டியலை. நாலாயிரம் ரூபாய் பட்டியலில் பத்து சதவீதம் நின்றால்கூட மாதம் 400 ரூபாய். ‘நீங்க குடுத்த பவுடர்ல கை எரியுது’ என்று ஒரு சொல் வந்தால், பட்டியல் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். 400 ரூபாய் ஆபத்தில் இருக்கும்போது இன்னும் 20 காசு சேர்த்துக் கொடுப்பதால் அவர் வாய் திறக்காது. புகார் வராது என்ற நம்பிக்கை வந்தால்தான் திறக்கும்.

ஆகவே புதிய டிடர்ஜென்டின் வியாபாரத் திட்டத்தை விளம்பரத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் புகார் கடைக்குத் திரும்பி வரும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் துவைக்கக் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பவுடரின் வேலையைக் கெடுக்கும், நுரையும் குறையும். இதைச் சமாளிக்கும் பொருளைச் சரியான அளவில் சேர்த்தால் தயாரிப்புச் செலவு ஏறும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சலவைச் சோடாவைக் கூட்டுகிறார்கள். அழுக்கு போகும், ஆனால் கையால் கசக்கித் துவைக்கிற பெண்களுக்கு விரல் இடுக்கு எரியும். நுரைக்காகவே அள்ளிப் போட்டாலும் சிக்கல்தான். அலச இன்னொரு வாளி தண்ணீர் வேண்டும், லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் அதுவே பெரிய குறை. அதனால் எந்தத் தெருவில் விற்கப் போகிறோமோ, அந்தத் தெருத் தண்ணீரை ஒரு வாளி பிடித்து, அங்கேயே துவைத்துப் பார்த்துவிட வேண்டும். ‘உப்புத் தண்ணியிலயும் நுரை வரும், கை எரியாது’ என்று அண்ணாச்சி சொல்வதற்கு ஒரு வாக்கியம் கொடுக்கிறோம் என்றால், அது அந்தத் தெருவில் உண்மையாக இருக்க வேண்டும். முதல் பாக்கெட்டை விற்பனைக்குக் கொடுக்காமல் அவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அவர் வீட்டில் துவைத்தவர் சொல்வதைத்தான் அவர் கல்லாவில் உட்கார்ந்து சொல்வார்.

பாக்கெட்டும் புகார் கொண்டுவரும். ஒட்டு சரியில்லாவிட்டால் மழைக்காலத்தில் பவுடர் கட்டி தட்டும். வாசனை கசிந்தால் பக்கத்திலுள்ள அரிசியிலும் தேயிலையிலும் ஏறும். அப்படி ஒருமுறை ஏறினால் பாக்கெட் கடையின் கடைசி மூலைக்குப் போகும், பிறகு யார் கண்ணிலும் படாது. கெட்டுப்போன சரக்கை ‘அடுத்த வாரம் பாக்கலாம்ணே’ என்று தள்ளாமல் அதே வருகையில் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியை அண்ணாச்சி மறக்க மாட்டார்.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் விழும் குழி. ‘டஜனுக்கு ரெண்டு ஃப்ரீ’ என்று ஸ்கீம் போட்டு நாலு டஜன் இறக்குவார்கள். முதல் மாத பில்லைப் பார்த்து முதலாளி மகிழ்ந்துபோவார். ஆனால் கடையில் இப்போது 56 பாக்கெட் இருக்கிறது, ஓடுவதோ நாளுக்கு ஒன்று. எட்டு வாரத்துக்குப் புது ஆர்டர் கிடையாது. தூசி படிய ஆரம்பித்ததும் போட்ட பணத்தை எடுக்க அண்ணாச்சி ஒன்பது ரூபாய்க்குத் தள்ளுவார். அடுத்த தெருக் கடைக்காரர் ‘அங்க ஒம்போது ரூபாதானே?’ என்ற கேள்வியைக் கேட்க நேரும், அவரும் சரக்கு எடுப்பதையே நிறுத்துவார். கம்பெனியே தன் காசைப் போட்டுத் தன் விலையை உடைத்துக்கொண்ட கதை இது.

கடைக்கு அரை டஜன் போதும். அதே கிழமையில் வாராவாரம் போய், பில்லைப் பார்க்காமல் தட்டில் மீதி எத்தனை என்று எண்ண வேண்டும். ஆறில் இரண்டு மிச்சமிருந்தால் நாலு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவையும் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தவைதான். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘யாராச்சும் பேர் சொல்லிக் கேட்டாங்களாண்ணே?’ கேட்டிருந்தால் பவுடர் வீட்டில் தேறிவிட்டது. எந்தக் கடையிலும் கேட்கவில்லையென்றால் லாபத்தைக் கூட்டுவதில் பயனில்லை, கலவையைத்தான் திருத்த வேண்டும்.

நிர்மாவின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1969இல் கர்சன்பாய் படேல் குஜராத்தில் அரசு வேலை பார்த்துக்கொண்டே தானே கலந்த பவுடரை சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். சர்ஃப் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கடைகளுக்கு வந்த பிறகு வேறொரு தொல்லை வந்தது. சரக்கைக் கடனுக்கு எடுத்தவர்களிடம் பணம் தேங்கியது. அப்போது அவர் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் விளம்பரத்தை ஓடவிட்டார் என்று வியாபார வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். மக்கள் கடை கடையாய்க் கேட்க, ரொக்கத்துக்கு சரக்கு கேட்டுக் கடைக்காரர்களே வந்தார்களாம். விளம்பரப் பாட்டின் வெற்றி என்று இதைப் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அந்தப் பவுடரில் துவைத்துப் பழகிய கைகள் இருந்தன. பெயர் சொல்லிக் கேட்க ஆள் இல்லாத ஒரு பவுடர் அப்படிச் சரக்கை எடுத்திருந்தால், அந்தத் தட்டில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். போட்டியின் வேகத்தைப் பார்த்து இந்துஸ்தான் லீவரே 1980களின் பிற்பகுதியில் வீல் என்ற மலிவு விலைப் பவுடரை இறக்க வேண்டி வந்தது.

நாமே எடுத்துப்போடும் சூப்பர் மார்க்கெட்டில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பேச ஆள் இல்லை, கண்மட்டத் தட்டுதான் பேசும். ஆனால் கல்லாவுக்கு அந்தப் பக்கம் சரக்கும் இந்தப் பக்கம் நாமும் நிற்கும் கடைகளில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்ததும் சில கம்பெனிகள் 1 ரூபாய் 80 காசை ஒரே பில்லில் 80 காசுக்கு இறக்கிவிடும். ‘அது இப்ப வர்றதில்லம்மா, இத எடுத்துட்டுப் போங்க’ என்று ஆறு வாரத்து உழைப்பை அண்ணாச்சியால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட முடியும். இலவசப் பாக்கெட்டை முதலில் நிறுத்தலாம். லாபத்தில் கை வைப்பதானால் ஓட்டம் கூடக்கூட, பத்துப் பத்துக் காசாக, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் அந்தத் தட்டின் அன்றாட வருமானம் முன்பைவிடக் குறையவில்லை என்று அவரிடமே எழுதிக் காட்ட வேண்டும்.

(தொடரும்)